காரின் ஹோம்லிங்க் பட்டனில் கராஜ் கதவையும் கேட்டையும் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிதாக வீடோ காரோ வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கராஜ் கதவை ஏற்றி இறக்கும் மோட்டாரைத்தான் ஓப்பனர் என்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லேன் ஓப்பனர்களைச் சார்ந்தவை. அங்குள்ள கராஜ்களில் அதிகம் கண்ணில் படுவது அவைதான்.

கண்ணாடிக்குக் கீழே வீடு படம் போட்ட மூணு பட்டன் இருக்கே, அது எதுக்கு?

கராஜ் ரிமோட்டுக்குப் பதிலாக. அதன் பெயர் ஹோம்லிங்க். ஜென்டெக்ஸ் என்ற நிறுவனம் தயாரித்துக் கார் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. சில கார்களில் பின்பார்வைக் கண்ணாடியில் இருக்கும், சிலவற்றில் சன் வைசரிலோ கூரையிலோ இருக்கும். டெஸ்லாவில் பட்டனே இல்லை, எல்லாம் திரையில்தான். மாடல் 3, மாடல் ஒய் வைத்திருப்பவர்கள் தங்கள் காரில் ஹோம்லிங்க் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டிய பொருள்.

ஒவ்வொரு பட்டனும் ஒரு கதவுக்கு. ஒன்றில் உங்கள் கராஜ், இன்னொன்றில் குடியிருப்பின் கேட், மூன்றாவதில் அப்பா அம்மா வீட்டுக் கராஜ் என்று வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டதே என்ற கவலை இல்லை, காரின் மின்சாரத்திலேயே ஓடும்.

ரிமோட்டைப் பக்கத்துல வச்சுப் பழக்கியாச்சு. லைட்டும் மாறிடுச்சு. ஆனா பட்டனை அழுத்தினா கதவு அசைய மாட்டேங்குதே?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நிற்கும் இடம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம், கணக்கெடுத்தவர் யாரும் இல்லை என்றாலும்.

பழைய ஓப்பனர்களின் ரிமோட்டுக்குள் குட்டிக் குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றை மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தால் அதுவே குறியீடு. எத்தனை முறை அழுத்தினாலும் அதே குறியீடுதான் போகும். அந்த மாதிரி ரிமோட்டைக் கார் அப்படியே நகலெடுத்துவிடும். நகலெடுத்த நொடியிலிருந்து கதவு திறக்கும்.

1990களின் பிற்பாதியிலிருந்து வந்த ஓப்பனர்கள் வேறு மாதிரி. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறும். இதை ரோலிங் கோட் என்பார்கள். யாரோ ஒருவர் தெருவில் நின்று சிக்னலைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் வேலைக்குப் போனபின் அதையே அனுப்பிக் கதவைத் திறக்க முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அதே காரணத்தால் உங்கள் காரும் ரிமோட்டை நகலெடுக்க முடியாது. ரிமோட்டிடமிருந்து கார் தெரிந்துகொள்வது, எந்த அலைவரிசை, எந்தக் கம்பெனியின் முறை என்பதை மட்டும். அப்புறம் அந்த முறையில், தனக்கென ஒரு சொந்த அடையாளத்தோடு பேசத் தொடங்கும். ஓப்பனரைப் பொறுத்தவரை உங்கள் கார் முன்பின் தெரியாத ஒரு புது ரிமோட். அதைச் சேர்த்துக்கொள் என்று ஓப்பனரிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் இடம்தான் மோட்டார் பெட்டியில் உள்ள லேர்ன் பட்டன்.

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று விளக்கே சொல்லிவிடும். பழக்கிய பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விளக்கு ஆடாமல் எரிந்தால் அது நிலையான குறியீடு, கதவு திறக்க வேண்டும். இரண்டு நொடி படபடவென்று சிமிட்டிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் ரோலிங் கோட். ஏணியை எடுங்கள்.

எங்க ஓப்பனர் எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மோட்டார் பெட்டி கராஜ் கூரையில் தொங்கும். அதன் பின்பக்கமோ பக்கவாட்டிலோ, சில மாடல்களில் விளக்கு மூடிக்கு உள்ளே, ஒரு சின்னப் பட்டன் இருக்கும். ஆன்டெனா கம்பி தொங்கும் இடத்தைத் தேடினால் பட்டனும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லேன், கிராஃப்ட்ஸ்மன் பெட்டிகளில் அந்தப் பட்டனின் நிறமே வகையைச் சொல்லும்.

மஞ்சள் என்றால் 2011-ஐ ஒட்டி வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0. இது 310, 315, 390 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் பேசும். ஊதா என்றால் அதற்கு முந்தைய தலைமுறை, 315. ஆரஞ்சு அல்லது சிவப்பு இன்னும் பழையது, 390. பச்சை அதற்கும் முந்தையது, அதுவும் 390. நிறத்தை ஒரு படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

முதல்லேர்ந்து கடைசி வரை ஒரு தடவை வரிசையா சொல்லுங்களேன்.

என் மைத்துனர் வீட்டில் செய்ததையே சொல்கிறேன். கார் ஒரு சுபாரு அவுட்பேக், பட்டன்கள் கண்ணாடியில். ஓப்பனர் லிஃப்ட்மாஸ்டர், மஞ்சள் பட்டன்.

காரை கராஜுக்கு வெளியே, கதவுக்கு நேராக நிறுத்தினோம். எஞ்சின் ஓட வேண்டியதில்லை, சாவி நிலை ஆன் ஆக இருந்தால் போதும். கதவு நகரும் வழியில் குழந்தைகளோ சைக்கிளோ இல்லை என்று பார்த்துக்கொண்டோம். பழக்கும்போது கதவு எதிர்பாராமல் இறங்கலாம்.

அது செகண்ட் ஹேண்ட் கார். அதனால் முதலில் பழைய நினைவை அழித்தோம். இரண்டு ஓரப் பட்டன்களையும் ஒன்றாக அழுத்திப் பிடித்து, விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை விடாமல் இருந்தோம். புதிய ஹோம்லிங்கில் இதற்கு 10 நொடி போதும், பழையவற்றில் 20 வரை ஆகும். சிமிட்டியதும் விட்டுவிட வேண்டும்.

பிறகு முதல் பட்டனை அழுத்தி விட்டோம். விளக்கு ஆரஞ்சில் மெதுவாகச் சிமிட்டத் தொடங்கியது. ரிமோட்டைக் கண்ணாடியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து அதன் பட்டனை அழுத்தியபடியே இருந்தார் மைத்துனர். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு போய்ப் பச்சை படபடத்தது. கார் தன் பங்கைக் கற்றுக்கொண்டது என்று பொருள். விளக்கு ஒரே நிறத்தில் உள்ள பழைய ஹோம்லிங்க் என்றால் கார் பட்டனையும் ரிமோட் பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெதுவான சிமிட்டல் வேகமாக மாறியதும் இரண்டையும் விடலாம்.

இனி ஓப்பனரின் முறை. நான் ஏணியில் ஏறி மஞ்சள் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தி விட்டேன். பக்கத்தில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. அது எரியும் 30 நொடிக்குள் காரில் பட்டனை அழுத்தியாக வேண்டும். ஒருவர் ஏணியிலும் இன்னொருவர் டிரைவர் சீட்டிலும் இருந்தால் இது சிரமமே இல்லை. தனியாகச் செய்பவர் இறங்கி ஓட வேண்டும்.

மைத்துனர் கார் பட்டனை இரண்டு நொடி அழுத்தி விட்டார். மறுபடி இரண்டு நொடி. இரண்டாவது முறையிலேயே ஓப்பனரின் பெரிய விளக்கு மினுங்கியது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டது. ஓப்பனர் காரைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது அழுத்தலில் கதவு நகர்ந்தது. சில வீடுகளில் மூன்றாவது அழுத்தலில்தான் ஏற்றுக்கொள்ளும். ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

விளக்கு மாறவே மாட்டேங்குது. அரை நிமிஷமா ரிமோட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறேன்.

முதலில் ரிமோட்டின் பேட்டரி. கதவைத் திறக்கும் அளவுக்குத் தெம்பு இருந்தாலும், காரைப் பழக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம். சின்ன ரிமோட்டுகள் பலவற்றில் சிஆர்2032 எனும் நாணய வடிவப் பேட்டரிதான், மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்து, தூரம். ஒரு அங்குலத்தில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் மூன்று அங்குலம், அப்புறம் வேறு கோணம். ஒட்டிப் பிடித்தால் நல்லது என்று கண்ணாடியோடு அழுத்தி வைப்பவர்களுக்கும் வராமல் போவதுண்டு. ரிமோட்டில் இரண்டு மூன்று பட்டன் இருந்தால், உங்கள் கதவைத் திறக்கும் பட்டனையே அழுத்துகிறீர்களா என்றும் பாருங்கள். புது ரிமோட் வாங்கியவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவார்கள்.

டெஸ்லாவில் ரிமோட்டைத் திரைக்கு அருகில் காட்டிப் பயனில்லை. காருக்கு முன்னால் நின்று, முன் பம்பரின் நடுவில் காட்ட வேண்டும்.

நாங்க டொராண்டோவுல இருக்கோம். ரிமோட்டை அழுத்திப் பிடிச்சா ரெண்டு நொடியில தானா நின்னுடுது. எப்படிப் பழக்கறது?

கனடாவின் வானொலி விதிப்படி ரிமோட்டின் சிக்னல் சில நொடிகளில் தானாக நின்றுவிட வேண்டும். காருக்கு அந்த நேரம் போதாது. அதனால் கார் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, ரிமோட்டை மட்டும் இரண்டு நொடி அழுத்துவது, விடுவது, மறுபடி அழுத்துவது என்று விளக்கு மாறும் வரை தொடருங்கள். மற்ற படிகளில் வித்தியாசம் இல்லை.

அமெரிக்காவில் சில கேட் ரிமோட்டுகளும் இப்படித்தான் சீக்கிரம் நின்றுவிடும். அங்கும் இதே வழி.

என்னோடது 2008 கார். வீடு புதுசு, மஞ்சள் பட்டன். எவ்வளவு முயற்சி பண்ணாலும் வரலை.

வராது. உங்கள் மேல் தப்பில்லை. 2011-ஐ ஒட்டி வந்த செக்யூரிட்டி பிளஸ் 2.0-இன் பேச்சு 2008-இல் செய்த ஹோம்லிங்குக்குப் புரியாது. கார் ஸ்மார்ட்ஃபோன் போல அப்டேட் ஆகும் பொருளும் அல்ல.

இதற்கென்றே பிரிட்ஜ், ரிப்பீட்டர் என்ற பெயர்களில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். கராஜுக்குள் பிளக்கில் சொருக வேண்டும். கார் தனக்குத் தெரிந்த பழைய முறையில் இந்தப் பெட்டியிடம் பேசும், பெட்டி புது முறையில் ஓப்பனரிடம் பேசும். ஆக இரண்டு முறை பழக்க வேண்டும்: பெட்டியை ஓப்பனருக்கு, காரைப் பெட்டிக்கு. வாங்கும் முன் உங்கள் காரின் ஆண்டு, ஓப்பனரின் பட்டன் நிறம் இரண்டையும் பெட்டியின் அட்டையில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காரை இன்னும் ஓரிரு வருடத்தில் மாற்றப் போகிறீர்கள் என்றால் ரிமோட்டை வைசரிலேயே மாட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

குடியிருப்பு கேட்டுக்கும் இதே மாதிரி பண்ணிடலாமா?

கேட் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

நிலையான குறியீடு என்றால் ரிமோட்டைக் காட்டிப் பழக்கினாலே போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரோலிங் கோட் என்றால் கேட்டின் ரிசீவரில் உள்ள லேர்ன் பட்டனை யாராவது அழுத்தியாக வேண்டும். அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும், சாவி நிர்வாகத்திடம் இருக்கும். நிர்வாக அலுவலகத்துக்கு எழுதும்போது வெறுமனே ரிமோட் வேண்டும் என்று எழுதினால் இன்னொரு ரிமோட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். “காரின் ஹோம்லிங்கை கேட் ரிசீவரில் சேர்க்க வேண்டும், உங்கள் ஆள் லேர்ன் பட்டனை அழுத்தும் நேரத்தில் நான் காரோடு கேட்டில் இருப்பேன்” என்று தெளிவாக எழுதுங்கள். சில இடங்களில் முடியாது என்பார்கள். வீட்டை விட்டுப் போகும்போது ரிமோட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், காரை வாங்கிக்கொள்ள முடியாதே என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான்.

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரையோ அட்டையையோ படித்துத் திறக்கும் கேட் என்றால் ஹோம்லிங்குக்கு அங்கே வேலையே இல்லை. அது வேறு தொழில்நுட்பம்.

பழக்கியாச்சு, திறக்குது. ஆனா கதவுக்கு மிகப் பக்கத்துல போனாதான் வேலை செய்யுது.

ஓப்பனரில் என்ன பல்பு போட்டிருக்கிறீர்கள்? மலிவான எல்.இ.டி. பல்புகளின் உள்ளே உள்ள மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். அது ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருந்தால் தெருவிலிருந்து வரும் சிக்னல் அதில் அமுங்கிவிடும். சோதிப்பது எளிது. பல்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலிருந்து அழுத்திப் பாருங்கள். தூரம் கூடினால் குற்றவாளி பல்புதான். கராஜ் ஓப்பனருக்கு என்றே தயாரித்த எல்.இ.டி. பல்பு கிடைக்கும், அதைப் போடுங்கள்.

ஆன்டெனா கம்பியையும் பாருங்கள். அழகுக்காகச் சுருட்டிப் பெட்டிக்கு மேல் செருகியிருந்தால் பிரித்து நேராகத் தொங்க விடுங்கள்.

கார் பட்டன், ரிமோட் ரெண்டுமே வேலை செய்யலை. சுவர்ல இருக்கற பட்டன் மட்டும் வேலை செய்யுது.

சுவர்ப் பலகையில் லாக் என்று ஒரு பட்டன் இருக்கும். வெளியூர் போகும்போது எல்லா ரிமோட்டையும் முடக்கி வைக்க அது. யாரோ தெரியாமல் அழுத்தியிருப்பார்கள், பெரும்பாலும் வீட்டில் உள்ள மிகச் சிறிய ஆள். பலகையின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். அதே பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் விலகிவிடும். காரைத் திரும்பப் பழக்க வேண்டியதில்லை.

லேர்ன் பட்டனைக் கொஞ்சம் அதிகமா அழுத்திட்டேன். இப்ப எந்த ரிமோட்டும் வேலை செய்யலை!

ஆறு நொடி அளவுக்குப் பிடித்தால் ஓப்பனர் தன்னிடம் பதிந்த எல்லா ரிமோட்டுகளையும், வெளியே உள்ள எண் பலகையையும் மறந்துவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை. லேர்ன் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டு, 30 நொடிக்குள் ஒரு ரிமோட்டை அழுத்துங்கள். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். கார் தன் பாடத்தை மறந்திருக்காது. அதனால் காரில் புதிதாகப் பழக்க ஒன்றுமில்லை, லேர்ன் அழுத்திய பின் கார் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தினால் போதும்.

மூணு பட்டன்ல ஒண்ணை மட்டும் மாத்தணும். முழுசா அழிக்கணுமா?

வேண்டாம். ஓரப் பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தால் மூன்றும் போய்விடும். வீட்டில் இரண்டாவது கதவைச் சேர்க்கும்போது, கையேட்டின் முதல் படியிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே பழக்கியதையும் அழித்துவிடுபவர்கள் நிறைய. அழிப்பது முதல் தடவைக்கு மட்டும்தான்.

தனியாக ஒரு பட்டனை அழிக்க வழி இல்லை, ஆனால் மேலெழுதலாம். அந்தப் பட்டனை 20 நொடி பிடித்திருந்தால் விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கும். அப்போது விரலை எடுக்காமல் புது ரிமோட்டைக் காட்டிப் பழக்குங்கள்.

காரை விக்கப் போறோம். எதுவும் பண்ணணுமா?

ஓரப் பட்டன்கள் இரண்டையும் பிடித்து அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காரின் ஜி.பி.எஸ்.ஸில் வீடு என்று முகவரி போட்டு வைத்திருப்பீர்கள், அதையும் அழியுங்கள். முகவரியும் கதவு திறக்கும் பட்டனும் ஒரே காரில் போவது நல்லதல்ல.

கார் திருடு போய்விட்டால் அழிக்கக் கார் கையில் இருக்காது. அப்போது ஓப்பனர் பக்கத்திலிருந்து அழிக்க வேண்டும். லேர்ன் பட்டனை அதன் விளக்கு அணையும் வரை பிடித்து எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிட்டு, கையில் உள்ள ரிமோட்டுகளை மட்டும் திரும்பச் சேருங்கள். போலீஸுக்கு ஃபோன் செய்த கையோடு இதையும் செய்துவிடுங்கள். ரிமோட்டை வைசரில் மாட்டியிருந்தாலும் இதே வேலைதான்.

வாங்கின வீட்டுல ஓப்பனர் ரொம்பப் பழசு. அதையும் காரோட சேர்க்கலாமா?

கதவு இறங்கும்போது தரையில் ஒரு பெரிய பேப்பர் டவல் சுருளை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அதில் பட்டதும் கதவு நின்று, திரும்பி மேலே போக வேண்டும். போகாவிட்டால் சேர்க்காதீர்கள். 1982 ஏப்ரல் 1-க்கு முன் தயாரித்த ஓப்பனர்களோடு ஹோம்லிங்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று கார் கையேடுகளே சொல்கின்றன. 1993 முதல் தயாரான ஓப்பனர்களில் கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள், ஒன்றையொன்று பார்க்கும் சென்சார்கள் இருக்கும். அவை இல்லாத ஓப்பனர் என்றால், தெருமுனையிலிருந்தே கதவை மூடும் வசதியை அதற்குக் கொடுப்பதைவிட ஓப்பனரையே மாற்றுவது மேல். வாங்கும்போது காரின் ஆண்டைக் கடையில் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.